சீனி வருத்தக்காரர் விரதம் பிடிப்பதென்றால் முதலில் குளிசைப் பெட்டியைத் திறவுங்கள்

கந்தசஷ்டியின் மூன்றாம் நாள். காலை பதினொன்றரை இருக்கும். வெள்ளவத்தை வீட்டுச் சாமியறை வாசலில் பாய் போட்டிருந்து அம்மா படித்துக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு 72 வயது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பது எனக்குச் சமையலறைக்குக் கேட்டது. உருக்கம் என்றுதான் நினைத்தேன். நாலாந்தரமும் அதே வரி வந்தபோது எட்டிப் பார்த்தேன். மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. ஆனால் அம்மாவின் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. சட்டையின் முதுகு ஒட்டிப்போயிருந்தது.

“அம்மா, என்ன செய்யுது?”

“ஒண்டுமில்லைப் பிள்ளை, வெக்கை.”

“இண்டைக்கு என்ன கிழமை?”

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதில் வரவில்லை. விரலில் குத்திப் பார்த்தேன். மீற்றர் 54 காட்டியது.

அன்று காலை அவர் தண்ணீர் மட்டும் குடித்திருந்தார். ஒருபொழுது விரதம், மாலையில்தான் சாப்பாடு. ஆனால் காலைக் குளிசைகளை ஒழுங்காகப் போட்டிருந்தார். பிறகு கேட்டபோது, “சாப்பாட்டைத்தானே விட்டனான். மருந்தை ஒரு நாளும் விடக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவரெல்லோ” என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. சாப்பாட்டை மாற்றும்போது மருந்தையும் மாற்ற வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்டு வைக்கவில்லை.

வீட்டில் வயதானவர், சீனி வருத்தக்காரர், கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய் என்று யாராவது இருந்து, இந்த வருடம்தான் முதன்முதலாக இதை யோசிக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்காக எழுதுவது. சீனி வருத்தத்தைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன். கொழும்பு வீடுகளில் அதிகம் தடுக்கி விழுவது அங்கேதான்.

முதலில் அனுமதியைக் கேட்டு முடியுங்கள்

வயதானவர்களோடு உடம்பைப் பற்றிப் பேசித் தொடங்கினால் பேச்சு அன்றோடு முடிந்துவிடும். “இவ்வளவு காலமும் பிடிச்சனான், இனி விட்டால் தெய்வக் குற்றம்” என்பார்கள். ஆகவே சமயத்திலிருந்தே தொடங்குங்கள். சமயங்கள் இதை எப்போதோ யோசித்து வைத்துவிட்டன.

சைவர்களுக்கு நாவலர் போதும். விரதம் என்றால் என்ன என்பதற்கு அவர் சைவ வினாவிடையில் சொன்ன இலக்கணத்திலேயே, உணவை “விடுத்தேனும் சுருக்கியேனும்” என்று இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறார். சுருக்குவதும் முழு விரதம்தான். கந்தசஷ்டிக்கும் ஆறு நாள் உபவாசம் உத்தமம், முடியாதவர் முதல் ஐந்து நாளும் ஒருபொழுது உண்டு ஆறாம் நாள் உபவாசம் இருக்கலாம் என்று படி இறக்கித்தான் விதி சொல்லியிருக்கிறார். அம்மாவை அசைத்தது டாக்டரின் பேச்சு இல்லை, இந்த “சுருக்கியேனும்” என்ற ஒரு சொல்தான். கோயில் குருக்களிடம் கேட்டபோது அவரும் அதையே சொன்னார்.

முஸ்லிம்களுக்கு இது குர்ஆனிலேயே இருக்கிறது. சூரத்துல் பகராவின் 184ஆம், 185ஆம் வசனங்கள் நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பை வேறு நாட்களுக்குத் தள்ளிக்கொடுக்கின்றன. இயலாதவருக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்கும் பித்யாவைச் சொல்கின்றன. இன்னொன்றையும் முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். விரலில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது. இன்சுலின் ஊசியாலும் முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. ஊசி போட்டால் நோன்பு போய்விடும் என்று பயந்து, நோன்பையும் வைத்துக்கொண்டு ஊசியையும் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது இரட்டை ஆபத்து.

கத்தோலிக்கர்களுக்குத் திருச்சபைச் சட்டம் வயதையே எழுதி வைத்திருக்கிறது. திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி இருக்கும் கடமை 18 வயதில் தொடங்கி 59 நிறையும்போது முடிந்துவிடுகிறது. 60 தாண்டிய பாட்டிக்கு அந்தக் கடமையே கிடையாது. இறைச்சி தவிர்ப்பதற்கு மேல் வயது எல்லை இல்லை. ஆனால் மீன்கறியோடு சோறு சாப்பிடுவதால் யாருடைய சீனியும் விழப்போவதில்லை. நற்கருணைக்கு முந்திய ஒரு மணி நேர ஒழுங்கும் முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் இல்லை. கொச்சிக்கடை அந்தோனியாரிடம் செவ்வாய்க்கிழமை வெறும் வயிற்றோடு போய் வெயிலில் வரிசையில் நிற்பது அவரவர் நேர்த்தி. அதை எப்படி மாற்றலாம் என்று பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.

போயா நாளில் சில் எடுக்கும் பௌத்த உறவினர் இருந்தால், அவர்களுக்கு மதியத்தின் பின் உணவில்லை. ஊசியோ குளிசையோ எடுப்பவர் அன்று பஞ்சசீலத்தோடு நின்றுகொள்ளலாம்.

பெட்டியில் இருப்பதைப் பிரியுங்கள்

இப்போது குளிசைகளை மேசையில் கொட்டுங்கள். கிளினிக்கில் தரும் கடதாசி உறைகளில் மருந்தின் பெயர் எழுதியிருக்கும். ஒரே கேள்விதான் கேட்க வேண்டும்: நான் சாப்பிடாவிட்டாலும் இந்த மருந்து சீனியை இறக்குமா?

மெட்ஃபோர்மின் தனியாக இருந்தால் சீனியை ஆபத்தாக விழுத்துவது அபூர்வம். அதைச் சாப்பாட்டோடு நகர்த்தினால் பெரும்பாலும் போதும். கிளிக்லசைட், கிளிமிபிரைட், கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட் இவை வேறு சாதி. கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே விடச் செய்பவை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. அம்மாவின் காலை உறையில் இருந்தது கிளிக்லசைட் 80. இன்சுலினும் அப்படித்தான். இந்த இரண்டாம் வகையில் ஒன்றாவது இருந்தால், டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட விட வேண்டாம்.

அண்மைக் காலத்தில் பலருக்கு எழுதப்படும் எம்பாக்லிஃப்ளோசின், டாபாக்லிஃப்ளோசின் வேறொரு வழியில் வேலை செய்பவை. சீனியைச் சிறுநீரோடு வெளியேற்றும், கூடவே தண்ணீரும் போகும். தண்ணீர் குடிக்காத நோன்பில் உடம்பு வற்றிவிடும். இவற்றை எடுப்பவர் நீண்ட நேரம் சாப்பிடாமலிருந்து வயிற்றுப் பிரட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் வந்தால், மீற்றர் பெரிய எண் காட்டாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அம்மாவின் பெட்டியில் இன்னொன்றும் இருந்தது. பிரஷருக்குப் போடும் அட்டனலோல். சீனி விழும்போது உடம்பு நெஞ்சுப் படபடப்பாலும் கை நடுக்கத்தாலும் எச்சரிக்கும். இந்த வகைக் குளிசை அந்த இரண்டையும் அமுக்கிவிடும். வியர்வை மட்டும் மிஞ்சும். அம்மா “வெக்கை” என்று சொன்னது அதனால்தான். அவருக்கு வேறொன்றும் தெரியவில்லை. அட்டனலோல், புரப்ரனலோல், பைசோபுரொலோல் போடுபவரை மற்றவர்கள்தான் கவனிக்க வேண்டும். வியர்வை, காரணமில்லாத கோபம், பேச்சுக் குழறல், கேட்டதற்குப் பொருந்தாத பதில், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் குத்திப் பாருங்கள்.

ஆறு கிழமைக்கு முன் டாக்டரிடம்

அரசாங்கக் கிளினிக்கில் பெரும்பாலும் மாதத்துக்கொரு திகதி. ஒரு தடவை போய்க் கேட்டு, மாற்றியதைப் பார்த்து, மறு தடவை போய்ச் சொல்ல வேண்டும். ஆகவே கந்தசஷ்டிக்கென்றால் நவராத்திரிக் கும்பம் வைப்பதற்கு முன்னமே போங்கள். ரமழானுக்கென்றால் ரஜப் மாதத்திலேயே போய்விடுங்கள்.

வரிசை நீளம், டாக்டருக்கு உங்களோடு பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். “விரதம் பிடிக்கலாமா” என்று மட்டும் கேட்டால் “வேண்டாம்” என்பதுதான் பதிலாக வரும். அம்மா தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அப்படியே பிடிப்பார். அதனால் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனேன். எத்தனை நாள், எத்தனை மணிக்குச் சாப்பாடு, தண்ணீர் உண்டா இல்லையா, இப்போது போடும் ஒவ்வொரு குளிசையும் எத்தனை மணிக்கு, கடந்த மூன்று மாதத்தில் சீனி விழுந்ததா, கடைசியாகச் சிறுநீரகத்துக்குப் பார்த்த ரிப்போர்ட் என்ன. கேட்டவை மூன்று: எந்தக் குளிசையை எந்தச் சாப்பாட்டோடு மாற்றுவது, மீற்றரில் எந்த எண் வந்தால் முறிப்பது, இவர் பிடிக்கவே கூடாத ஆளா.

மூன்றாவது கேள்விக்கு “ஆம்” என்று வரக்கூடியவர்கள் யாரென்று முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. சிறு வயதிலிருந்தே இன்சுலினில் வாழும் முதலாம் வகைக்காரர். கடந்த மூன்று மாதத்தில் சீனி கடுமையாக விழுந்தவர். விழும்போது அறிகுறியே தெரியாதவர். டயாலிசிஸ் செய்பவர் அல்லது சிறுநீரகம் நன்றாகக் கெட்டவர். இன்சுலின் போடும் கர்ப்பிணி. தனியாக வாழும் தளர்ந்த முதியவர். இவர்களுக்குப் பட்டினி வேண்டாம். மாற்று வழிக்கு நேரே போய்விடுங்கள்.

டாக்டர் சம்மதித்தால் ஓர் ஒத்திகை நாள் வையுங்கள். சைவர் ஒரு சாதாரண வெள்ளிக்கிழமையில், முஸ்லிம்கள் ஷஃபானில் ஒரு சுன்னத்து நோன்பில், வீட்டில் இரண்டு பேர் இருக்கும் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். புதிய குளிசை நேரம் சரியா என்பது அன்றே தெரிந்துவிடும்.

70 என்ற எண்

மீற்றர் பற்றி ஒரு சங்கதி. இங்கே வாங்குபவை அனேகமாக mg/dL காட்டும். லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ பிள்ளைகள் அனுப்பியது mmol/L காட்டும். அதில் 3.9 என்பது இங்கே 70. இது தெரியாமல் “எட்டுத்தான் காட்டுது” என்று பதறிச் சீனி கரைத்துக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். 8 mmol/L என்றால் 144. திரையின் ஓரத்தில் எந்த அலகு எழுதியிருக்கிறது என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

எல்லா மணிக்கும் குத்திப் பார்க்க வேண்டியதில்லை, ஸ்ட்ரிப் விலை அப்படி. காலைக் குளிசையின் வேலை ஏறியிருக்கும் பதினொரு மணிக்கு ஒன்று, பின்னேரம் நாலு மணிக்கு ஒன்று, முக்கிய சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. இதைவிட, சந்தேகம் வரும் எந்த நேரமும். காலையில் 100 இருந்தது என்பது பதினொரு மணிக்கு எந்த உத்தரவாதமும் தராது.

70க்குக் கீழே போனால் அந்தக் கணமே முறிக்க வேண்டும். பாங்குக்கு இருபது நிமிடந்தான், தீபாராதனை முடியட்டும் என்ற பேச்சு வேண்டாம். 300க்கு மேலே போனாலும் முறிக்க வேண்டும். எண் எப்படி இருந்தாலும் மயக்கமோ தடுமாற்றமோ வந்தால் முறிக்க வேண்டும். இதை விரதத்துக்கு முந்திய நாளே அவர் வாயால் சம்மதிக்க வைத்துக்கொள்ளுங்கள். சீனி விழுந்த பிறகு அவரிடம் நியாயம் பேச முடியாது, மூளைக்கே சீனி போவதில்லை. நாங்கள் கிளினிக் கொப்பியின் பின்மட்டையில் “70” என்று பெரிதாக எழுதி அம்மாவின் கையெழுத்தையும் வாங்கினோம். சிறுபிள்ளை வேலை மாதிரித் தெரியும். மறுவருடம் அது உதவியது.

முறிப்பது எப்படி? மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். குளுக்கோஸ் மாவும் சரி. சொக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதமாக்கும். பேரீச்சம்பழமும் மென்று விழுங்கித்தான் ஏற வேண்டும், கரைசலே விரைவு. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்துங்கள். 70 தாண்டாவிட்டால் இன்னொரு தடவை அதே அளவு. தாண்டியதும் சோறோ பாணோ பிஸ்கட்டோ ஏதாவது சாப்பிட வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அன்று அம்மாவுக்குப் பதினைந்து நிமிடத்தில் 81 வந்தது. முகம் தெளிந்தது, கிழமையும் சொன்னார். “இனிக் காணும், பின்னேரம் சாப்பிடுறன்” என்று பிடிவாதமாக இருந்தார். நானும் நாலு பிஸ்கட்டோடு விட்டுவிட்டேன். மூன்று மணிக்குப் பார்த்தபோது 66. காலையில் போட்ட கிளிக்லசைட் இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருந்தது. வயதானவரின் சிறுநீரகம் மெதுவாக இருந்தால் அந்த மருந்து போய்த் தொலைய நேரமாகும். ஒருதடவை ஏறிவிட்டது என்று நம்பி ஆளைத் தனியே விட்டுவிடாதீர்கள். அன்றிரவு படுக்கும்போதும், விடியப்புறம் இரண்டு மணிக்கும் குத்திப் பார்த்தேன். இந்த வகைக் குளிசையால் சீனி விழுந்து ஆள் மயங்கியிருந்தால், பிறகு எழும்பிவிட்டாலும் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆள் நினைவிழந்து கிடந்தால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் கட்டணம் கிடையாது.

மறுவருடம் அம்மா பிடித்த சஷ்டி

டாக்டர் எழுதித் தந்தது இப்படி. அந்த நாட்களுக்குக் காலைக் கிளிக்லசைட்டும் இரவுக் கிளிக்லசைட்டும் இல்லை. மத்தியானச் சோற்றோடு அரைக் குளிசை. மெட்ஃபோர்மின் மத்தியானமும் இரவும் சாப்பாட்டோடு. இது அம்மாவின் சிறுநீரகத்தையும் எண்களையும் பார்த்து எழுதியது. உங்கள் வீட்டில் அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

சாப்பாட்டை அம்மாவும் நானும் இருந்து பேசினோம். ஒருபொழுது சோறு என்பதை அவர் விட மாட்டார். சரி, சோறு மத்தியானம் மட்டும். காலையில் அவித்த பயறு ஒரு சிறு கோப்பையும் சீனி போடாத பாலும். இரவு இரண்டு மூன்று இடியப்பமும் பருப்பும். பயறு மெதுவாகச் சமிக்கும், அதனால் பதினொரு மணிக்குச் சீனி விழாமல் தாங்கும். “பாலும் பழமும்” என்ற வழமையை அப்படியே வைக்காததற்குக் காரணம் உண்டு. மூன்று கோழிக்கூட்டு வாழைப்பழமும் சீனி போட்ட பாலும் ஒன்றாகப் போனால் சீனி ஏறும், பிறகு சறுக்கும். பழம் ஒன்றைப் பாதியாக்கி நாலு மணிக்கென்று ஒதுக்கினோம்.

முதல் நாள் பதினொரு மணிக்கு 112, நாலு மணிக்கு 96. மூன்றாம் நாள் நாலு மணிக்கு 78. முறிக்கும் எண் இல்லை, ஆனால் இறங்கிக்கொண்டு போகிறது. பாதிப் பழமும் ஒரு கோப்பைப் பாலும் உடனே கொடுத்தேன். அம்மா முதலில் மறுத்தார். பின்மட்டையைத் திருப்பிக் காட்டினேன். பேசாமல் குடித்தார். ஆறாம் நாள் சூரன்போர், அன்று முழு உபவாசம் என்று கேட்டார். டாக்டர் முன்னமே மறுத்திருந்தார். அன்றைக்குச் சோற்றை மட்டும் விட்டோம். பயறும் இடியப்பமும் இருந்தன, கிளிக்லசைட் முற்றாக இல்லை. அதுவே அவருக்கு உபவாசமாகத் தெரிந்தது.

எனக்குத் தெரியாமல் போனது பாறணை. ஏழாம் நாள் காலை பொங்கல், வடை, பாயசம் எல்லாம் சேர்த்துச் சந்தோசமாகச் சாப்பிட்டார். இரண்டு மணி நேரம் கழித்து 246. ஆறு நாள் காத்ததை ஒரு வேளையில் விட்டோம். இப்போது பாறணையில் சோறும் மரக்கறியும் முதலில், பாயசம் நாலு கரண்டி கடைசியில். முஸ்லிம் வீடுகளிலும் இதே கதைதான். கஞ்சி நல்லது. அதோடு வரும் ரோல்ஸ், பெட்டிஸ், சர்பத், பலூடா நாலும் சேர்ந்தால் தராவீஹுக்குப் போகும்போது 300 தொடும்.

ஒரே வீட்டில் இரண்டு விதி

எங்கள் தொடர்மாடியில் கீழ் வீட்டில் ஒரு டீச்சர் இருக்கிறார். அவருடைய வாப்பாவுக்குக் காலை மாலை இன்சுலின், சிறுநீரகமும் பழுது. தங்கைக்கு நாலு மாதக் குழந்தை. போன ரமழானுக்கு முன் இரண்டு பேருக்கும் நோன்பு வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். “அக்கா, ரெண்டு பேருக்கும் பித்யா குடுத்தா முடிஞ்சிதானே?” என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது, மௌலவியிடம் கேளுங்கள் என்றேன். கேட்டுவிட்டு வந்து அவர் சொன்னதை வைத்து எழுதுகிறேன். இங்கே பெரும்பாலானவர்கள் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவதால் இது பலருக்கும் பொருந்தும்.

வாப்பாவின் நோய் மாறும் என்ற எதிர்பார்ப்பு இல்லை. விட்ட நோன்பைப் பின்னால் பிடிக்கும் களா அவருக்கு இல்லை, ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு முத்து அரிசி பித்யா. ஒரு முத்து ஏறத்தாழ 600 கிராம். முப்பது நோன்புக்கு 18 கிலோ. தங்கையின் நிலை தற்காலிகமானது. அவள் நோன்பை விட்டது பிள்ளைக்குப் பால் குறையும் என்ற பயத்தில். ஆகவே பின்னால் களாச் செய்யவும் வேண்டும், நாளுக்கு ஒரு முத்து கொடுக்கவும் வேண்டும். தன் உடம்புக்குப் பயந்து விட்டிருந்தால் களா மட்டும் போதும். ஹனஃபி வழியில் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் களா மட்டுமே. பித்யாவைக் கொடுத்துவிட்டுக் களாவை மறந்துவிடும் இளம் தாய்மார்தான் இதில் அதிகம் தவறுகிறார்கள். எத்தனை நாள் விட்டோம் என்று அந்த ரமழானிலேயே குறித்து வையுங்கள்.

வாப்பா முதல் இரண்டு நாளும் ஒன்றும் பேசாமல் அறைக்குள்ளேயே இருந்தாராம். மூன்றாம் நாளிலிருந்து ஸஹருக்கு அவரையும் எழுப்பினார்கள். எல்லாரோடும் இருந்து சாப்பிட்டார், பஜ்ர் தொழுதார். பகலில் தன் நேரத்துக்கு அறையில் சாப்பிட்டு ஊசி போட்டார். அஸருக்குப் பின் பித்யா அரிசியை அவரே அளந்து பையில் கட்டினார். இஃப்தாருக்குப் பேரீச்சம்பழத் தட்டைச் சுற்றி நீட்டும் வேலையும் அவருடையது. பட்டினியை எடுத்துவிட்டால் அந்த நேரத்தை வேறொன்றால் நிரப்ப வேண்டும். வெறுமனே “நீங்க சாப்பிடுங்க” என்று விட்டால் மனிதர் உடைந்துபோவார். அம்மாவுக்கும் அப்படித்தான், சஷ்டியில் பூக்கட்டுவதும் படிப்பதும் அவர் பொறுப்பு. கத்தோலிக்க வீடுகளில் சிலுவைப்பாதை, விட்ட சாப்பாட்டுக் காசை உண்டியலில் போடுவது என்று அதற்கு ஏற்கெனவே வழி இருக்கிறது.

பிள்ளைத்தாச்சிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும்

கர்ப்பகாலத்தில் உடம்பு பட்டினியை வழக்கத்தைவிட விரைவாக உணரும். சேமித்த கொழுப்பை எரிக்கத் தொடங்கிவிடும், அப்படி எரிவதால் வரும் கீற்றோன் என்ற அமிலம் இரத்தத்தில் ஏறும். கர்ப்பகாலச் சீனி இருந்தால் நீண்ட பட்டினி வேண்டவே வேண்டாம். சாப்பாட்டை ஆறு சிறு வேளைகளாகப் பிரிக்கச் சொல்லியிருப்பார்கள், அதை மரக்கறிச் சாப்பாடாக்கி விரதமாக வைத்துக்கொள்ளலாம். கேதார கௌரி விரதக் காப்பை வீட்டில் இன்னொருவர் விரதமிருந்து இவருக்கும் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாமா என்று குருக்களிடம் கேளுங்கள். மற்றக் கர்ப்பிணிகள் தங்கள் கிளினிக்கில் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். கேட்டுப் பிடித்தாலும், தலைச்சுற்று, கடும் தலையிடி, வயிறு இறுகல் வந்தால் முறியுங்கள். பிள்ளையின் துடிப்புக் குறைந்தால் முறித்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று இராதீர்கள்.

பால் கொடுக்கும் தாயென்றால், பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்வரை தாய்ப்பால்தான் முழுச் சாப்பாடு. அதனால் தண்ணீர் குடிக்காத நோன்பு அந்த ஆறு மாதத்தில் கடினம். உங்கள் சிறுநீர் கடும் மஞ்சளாகிறதா, பிள்ளை ஒரு நாளில் நனைக்கும் துணி ஆறுக்குக் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் அன்றே தண்ணீர் குடித்துவிடுங்கள். இன்சுலின் போடும் தாய்க்குப் பால் கொடுக்கும்போதே சீனி இறங்கும். பக்கத்தில் ஒரு கோப்பைப் பாலும் இரண்டு பிஸ்கட்டும் விரத நாளிலும் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு கடதாசி

விரதம் முடிந்த கிழமையில் குளிசைகளை டாக்டர் சொன்ன பழைய நேரத்துக்கு மாற்ற மறக்காதீர்கள். பாறணை முடிந்தும் நாலைந்து நாள் விரதக் கணக்கிலேயே குளிசை போட்டுக்கொண்டிருந்த அம்மாவை நான் பிடித்தது இரண்டாம் வருடத்தில்தான். இப்போது மாற்றிய நேரங்களை ஒரு கடதாசியில் எழுதி, “இந்தத் திகதி வரைக்கும்” என்று அடியில் போட்டு, குளிசைப் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் ஒட்டிவிடுகிறேன். திகதி முடிந்ததும் அம்மாவே அதை உரித்தெடுத்து, அந்த ஆறு நாள் எண்களையும் அதன் பின்புறம் எழுதி, கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிடுவார். அடுத்த சஷ்டிக்கு டாக்டரிடம் நீட்டுவது அந்தக் கடதாசியைத்தான்.